கடை ஊறுகாய், அப்பளம், இட்லி மாவு: பாக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

செல்வி_தாம்பரம்

வீட்டில் மாமியாருக்கு பிரஷர் இருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் கடை மாவில் நாலு இட்லி, மதியம் தயிர் சாதத்துக்கு ஊறுகாயும் இரண்டு அப்பளமும், இரவு அதே மாவில் தோசை. இதுதான் அவருடைய சாப்பாடு. மூன்றையுமே கடையில்தான் வாங்குகிறோம். எண்ணெய் நல்லதா, கெமிக்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பாக்கெட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியுமா? ஊறுகாயை நிறுத்தினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். இப்போது கையில் இருப்பவற்றில் நூறு கிராமுக்கு சோடியம் ஊறுகாயில் 5400 மில்லிகிராம், அப்பளத்தில் 1900, மாவில் 320 என்று போட்டிருக்கிறது.

வசந்தா_திருச்சி

ஊறுகாய்க்கு ஒரு கிலோ மாங்காய்க்கு நூற்றைம்பது கிராம் கல்லுப்பு போட்டால் சரியாக இருக்கும்மா. அதற்குக் குறைந்தால் பூசணம் பிடிக்கும். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து மேலே ஊற்றணும்.

செல்வி_தாம்பரம்

நன்றி வசந்தாம்மா. வீட்டில் போட இப்போது வசதி இல்லை. கடையில் வாங்குவதைப் பற்றித்தான் கேட்டேன்.

இயற்கைவழி

இந்துப்பு போட்ட ஊறுகாயாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை உப்புதான் பிரஷரை ஏற்றும். ஆர்கானிக் கடைகளில் இந்துப்பு அப்பளமும் கிடைக்கிறது. பிரிசர்வேட்டிவ் இல்லை என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் அதில் மிகச் சொற்பம். பிரஷர்காரருக்கு இந்துப்பு ஊறுகாயும் சாதா உப்பு ஊறுகாயும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சொல்லி இரண்டு மடங்கு விலை வாங்கினால் கொடுக்க வேண்டியதில்லை.

செல்வி மேடம், எண்ணிக்கையோடு கேட்டதால் பதில் சொல்வது சுலபம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பாக்கெட்டுகளில் சதவீதம் போடுவதும் இந்த 2000 கணக்கில்தான்.

ஊறுகாய் நூறு கிராமில் 5400 என்றால் 13.5 கிராம் உப்பு. பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் மாமியார் சாப்பிடுவது ஒரு டீஸ்பூன், பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 540 மில்லிகிராம் சோடியம். அப்பளம் ஒன்று ஏழு கிராம் இருக்கும், இரண்டுக்குப் பதினாலு கிராம், 266 மில்லிகிராம். மாவில் 320தான், மிகக் குறைவாகத் தெரியும். ஆனால் ஒரு இட்லிக்கு ஐம்பது கிராம் மாவு போகிறது. நாலு இட்லிக்கு 200 கிராம், 640 மில்லிகிராம். இரவு தோசைக்கும் அதே 200 கிராம் என்றால் இன்னொரு 640. மாவு மட்டுமே 1280.

மூன்றையும் கூட்டினால் 2086. சாம்பார், சட்னி, பொரியல் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை, அதற்குள் நாள் அளவு முடிந்துவிட்டது. ஊறுகாயை அடியோடு நிறுத்தினால் 540 குறையும். அது நல்லதுதான். ஆனால் இந்த மூன்றில் அதிக உப்பு தருவது நாக்குக்கு உப்பே தெரியாத இட்லி மாவு. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் மாற்ற வேண்டியது மாவு பாக்கெட்.

மதுரை_மளிகை

குமரேசன் சார் சொன்னது சரி. கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். மாவு பாக்கெட்டில் இரண்டு வகை வருது. ஒன்று உப்பு போட்டு வருவது, இன்னொன்று உப்பே போடாமல் வருவது. சேர்மானப் பட்டியலில் அரிசி, தண்ணீர், உளுந்து, வெந்தயத்தோடு நின்றால் உப்பு இல்லை. பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும். நிறைய பேர் அதைப் பார்ப்பதே இல்லை. உப்பு போட்ட மாவை வாங்கிப்போய் வீட்டில் வழக்கம்போல இன்னொரு கரண்டி கல்லுப்பைப் போட்டுடறாங்க. மறுநாள் வந்து மாவு கரிக்குதுன்னு சொல்வாங்க.

லேபிள் இல்லாமல் கவரில் கட்டி விற்கும் மாவாக இருந்தால், அரைக்கிறவரிடமே உப்பு போடாமல் தரச் சொல்லலாம். உப்பைக் கடைசியில் கலக்கிறவர்களாக இருந்தால் எடுத்து வைத்துக் கொடுப்பாங்க.

செல்வி_தாம்பரம்

உப்பில்லாத மாவு வாங்கினால் நான் எவ்வளவு போடணும் சார்? புளிக்க உப்பு வேண்டாமா?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

இப்போதைய பாக்கெட்டில் கிலோவுக்கு எட்டு கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பாதியாக்கி நாலு கிராம் போட்டுப் பாருங்கள். தூள் உப்பு என்றால் தலை தட்டிய முக்கால் டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. கல்லுப்பு என்றால் கரண்டி அளவு ஏமாற்றும், எடை போடுவதே சரி. மொத்தக் கிலோவிலும் கலக்க வேண்டாம். அந்தந்த வேளைக்கு எடுக்கும் மாவில் மட்டும், வேகவைப்பதற்கு முன் கரைத்து ஊற்றினால் போதும். மாமியாருக்கு மட்டும் குறைத்தும் மற்றவர்களுக்கு வழக்கம்போலவும் போட்டுக்கொள்ள இது வசதி.

புளிக்க உப்பு தேவையில்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் கிருமிகளே அந்த வேலையைப் பார்க்கும். உப்பு அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான்.

மதுரை_மளிகை

அங்கதான் சார் எனக்கு ஒத்துப்போகலை. சித்திரை வைகாசியில் உப்பில்லாத மாவு பிரிட்ஜில் இருந்தாலும் சீக்கிரமே புளிச்சுப் போகுது. புளிப்பு தெரியாமல் இருக்க வீட்டுக்காரங்க உப்பைத்தான் கூட்டிப் போடுவாங்க. அப்புறம் எதுக்கு உப்பில்லாத மாவு?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

அது உண்மையான சிக்கல்தான். அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்கி இரண்டு நாளில் முடிக்கச் சொல்வேன். ஒரு கிலோ வாங்கி வாரம் முழுக்க ஓட்டுகிற வீட்டுக்கு உப்பில்லாத மாவு சரிப்படாது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

பாலாஜி_அம்பத்தூர்

மாவில் ஆப்ப சோடா போட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கொஞ்சம் மாவில் மஞ்சள்தூள் கலந்தால், சிவந்தால் சோடா இருக்கு, சிவக்கலைன்னா சுத்தம். சோடாவிலும் சோடியம் உண்டு, அதனால்தான் சொல்றேன்.

அப்புறம் ஊறுகாய் எண்ணெய்க்கு ஒரு சோதனை. பாட்டிலை ராத்திரி பிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் உறைஞ்சு வெள்ளையா ஆச்சுன்னா அது பாமாயில். நல்லெண்ணெய் உறையாது.

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

பாலாஜி, இரண்டிலும் பாதி சரி.

மஞ்சள்தூள் சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும், உண்மை. ஆனால் புளித்த மாவு அமிலம். சோடாவைப் போட்டவுடனே அந்த அமிலம் அதைத் தின்றுவிடும், காற்றாகப் போய்விடும். மாவு இன்னும் புளிப்புப் பக்கமே இருப்பதால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஆக, சிவக்கவில்லை என்பதை வைத்து சோடா இல்லை என்று சொல்ல முடியாது. சோடியம் மட்டும் அப்படியே மாவில் தங்கிவிடும். சிவந்தால் சோடா அளவுக்கு மீறிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த மாவில் இட்லி பழுப்பேறி, நாக்கில் சோப்பு போலத் தட்டும். சேர்மானப் பட்டியலில் சேர்க்கைப் பொருள்களை ஐஎன்எஸ் என்ற குறியீட்டு எண்ணில் போடுவார்கள், ஐஎன்எஸ் 500 என்று இருந்தால் அது சோடா வகை. அதைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பிரிட்ஜ் சோதனைக்கு வருவோம். பாமோலின் உறையும், நல்லெண்ணெய் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். ஆனால் கடலை எண்ணெயும் குளிரில் மங்கி உறையும். பருத்திக்கொட்டை எண்ணெய், தவிட்டு எண்ணெய் இரண்டும் சுத்திகரித்த விதத்தைப் பொறுத்து மங்கும். ஆகவே உறைந்ததை மட்டும் பார்த்துப் பாமாயில் என்று சொல்லிவிட முடியாது. நல்லெண்ணெய் மட்டும்தான் என்று விற்கிற ஊறுகாய் உறைந்து கட்டியானால் சந்தேகப்படலாம், அந்த அளவுக்கு உங்கள் சோதனை பயன்படும்.

ஷாகுல்_துபாய்

இங்கே நம்ம ஊர் ஊறுகாய் எல்லாமே கிடைக்குது. முன்பக்கம் பெரிசா நல்லெண்ணெய்ச் சொட்டுப் படம். பின்னாடி திருப்பினா சமையல் எண்ணெய்னு போட்டு பக்கத்தில் தவிட்டு எண்ணெய், நல்லெண்ணெய்னு இரண்டு பேர். இது ஏமாற்றா? அப்புறம் இங்கே சில பாட்டிலில் ஈ 211ன்னு இருக்கு, ஊர்ல வாங்கினதுல ஐஎன்எஸ் 211. இரண்டும் வேற வேறயா?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

இரண்டும் ஒரே எண்தான் பாய். 211 என்றால் சோடியம் பென்சோயேட் என்ற பிரிசர்வேட்டிவ்.

எண்ணெய் விஷயத்தில், வெறுமனே தாவர எண்ணெய் என்று எழுதிவிட்டு நிறுத்த இந்தியச் சட்டம் விடாது, எந்த எண்ணெய் என்று பெயர் போட வேண்டும். இரண்டு பெயர் போட்டிருந்தால் கலவை. இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரு பொருளை லேபிளில் தூக்கிக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். நல்லெண்ணெய்ப் படத்தைப் பார்த்தால் உடனே பட்டியலில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். தவிட்டு எண்ணெய் 18, நல்லெண்ணெய் 3 என்று இருந்தால், வாசத்துக்காகச் சேர்த்தது அது. உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நல்லெண்ணெய் ஊறுகாய் விலை கொடுக்கத் தேவையில்லை.

எண்ணெய் எது என்பதைவிட அது கெட்டதா என்பது முக்கியம். நல்லெண்ணெயில் இயல்பாகவே சிக்கு ஏறுவதைத் தள்ளிப்போடும் பொருள்கள் இருக்கின்றன, அதனால்தான் நம் ஊறுகாய்க்கு அது தோதாக அமைந்தது. மற்ற எண்ணெய்களில் அந்த வேலைக்காக ஐஎன்எஸ் 319, 320 போன்றவை சேர்ப்பதுண்டு.

மதுரை_மளிகை

கடையில் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்க முடியாது. அதனால் கண்ணால் பார்க்கிற வழியைச் சொல்றேன். பாட்டிலை நேரே நிறுத்திப் பாருங்க. துண்டுகளுக்கு மேலே அரை சென்டிமீட்டராவது எண்ணெய் நிற்கணும். துண்டு எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டிக்கிட்டு, அந்தப் பகுதி மட்டும் கறுத்திருந்தால் எடுக்காதீங்க. காற்றுப் பட்ட இடம் அது, பூசணம் அங்கதான் முதலில் வரும். மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்து பிசுபிசுன்னு இருந்தால் அதையும் வைத்துடுங்க, மூடி சரியா அடைபடலை. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் இருப்பதை விட்டுட்டு பின்னாடி இருப்பதை எடுங்க. வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும். தேதியிலும் காலாவதியை மட்டும் பார்க்காமல் பாக்கெட் செய்த தேதியைப் பாருங்க. ஒரு வருஷம் தாங்கும்னு போட்டிருந்தாலும் பத்தாவது மாசத்துப் பாட்டிலும் இரண்டாவது மாசத்துப் பாட்டிலும் ஒன்றாக இருக்காது.

வீட்டில் திறந்ததும் முதலில் மூடியின் உள்பக்கத்தை மோந்து பாருங்க. பழைய பெயின்ட் மாதிரி, மெழுகு மாதிரி வாடை வந்தால் சிக்கு ஏறிடுச்சு. கொஞ்சம் நாக்கில் வைத்தால் தொண்டையில் காறும். மாற்றிக் கேளுங்க, பில் இருந்தால் நாங்க மாற்றித் தருவோம்.

நர்மதா

என் மகனுக்கு இழுப்பு இருக்கு. எலுமிச்சை ஊறுகாய் சாப்பிட்டால் சில சமயம் இருமல் அதிகமாகுது. 211தான் காரணமா?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

அம்மா, இழுப்புள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது சல்பைட் வகை. எண்கள் 220 முதல் 228 வரை பாருங்கள், பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கையிலும் சல்பைட் என்று போட்டிருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. காரமும் புளிப்பும்கூட இருமலைக் கிளப்பும் என்பதால் ஊறுகாய்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

211 பற்றிப் பொதுவாகச் சொல்கிறேன். புளிப்பு உள்ள இடத்தில்தான் அது வேலை செய்யும், அதனால்தான் ஊறுகாயில் போடுகிறார்கள். அதில் சோடியம் என்ற பெயர் இருப்பதைப் பார்த்து பிரஷர்காரர்கள் பயப்படுகிறார்கள். ஊறுகாயில் அனுமதிக்கும் அளவுக்குள் போட்டால், ஒரு டீஸ்பூனில் அதிலிருந்து வரும் சோடியம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. உப்பிலிருந்து வருவது 540.

இயற்கைவழி

அப்படியானால் பிரிசர்வேட்டிவ் இல்லாத ஊறுகாயே வேண்டாம் என்கிறீர்களா?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

அப்படிச் சொல்லவில்லை. ஊறுகாய் கெடாமல் இருக்க உப்பு, புளிப்பு, எண்ணெய், பிரிசர்வேட்டிவ் என்று நாலு கால்கள். ஒன்றை எடுத்தால் மற்றதை வலுப்படுத்த வேண்டும். பிரிசர்வேட்டிவ் இல்லை என்று எழுதிய பாட்டிலையும் பக்கத்தில் இருக்கும் சாதா பாட்டிலையும் எடுத்து சோடிய வரியை ஒப்பிட்டுப் பாருங்கள், முதலாவதில் உப்பு கூடுதலாக இருக்கக்கூடும். அல்லது ஐஎன்எஸ் 260 இருக்கும், அது அசிட்டிக் அமிலம், வினிகரில் இருப்பது. அதைப் புளிப்பு சீராக்கி என்ற தலைப்பில் போட்டுவிட்டு, பிரிசர்வேட்டிவ் இல்லை என்று எழுதுவதுண்டு. பிரஷர்காரருக்கு எது நல்லது? சோடியம் குறைந்ததுதான், அதில் 211 இருந்தாலும். குழந்தைக்கு ஒவ்வாமை உள்ள வீட்டில் பதில் மாறும். உப்பைக் குறைத்த ஊறுகாயைத் திறந்தபின் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், உலர்ந்த கரண்டிதான் போட வேண்டும்.

உப்பு குறைந்தது என்று விற்கும் பாட்டிலில் ஐஎன்எஸ் 508 இருந்தால் நிதானம். பொட்டாசியம் குளோரைடு அது. சோடியத்துக்குப் பதிலாகப் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. செல்வி மேடம், உங்கள் மாமியாருக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

பாலாஜி_அம்பத்தூர்

நன்றி சார், மஞ்சள் விஷயம் இப்பதான் புரிஞ்சுது. ஊறுகாயில் எண்ணெயை வடிச்சுட்டுத் துண்டை மட்டும் கொடுத்தால் உப்பு குறையுமா?

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெயை வடித்தால் கொழுப்பு குறையும், உப்பு குறையாது. உப்பு முழுக்கத் துண்டிலும் அடியில் இருக்கும் மசாலாச் சாற்றிலும்தான். மசாலாவைச் சாறோடு அள்ளாமல் ஒரு சின்னத் துண்டை மட்டும் வைப்பது, டீஸ்பூனுக்குப் பதில் கால் டீஸ்பூன் வைப்பது, இவைதான் பலன் தரும்.

செல்வி_தாம்பரம்

அப்பளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சுட்டுக் கொடுத்தால் பரவாயில்லையா?

மதுரை_மளிகை

அப்பளத்தில் உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், தேய்க்கும்போது தடவும் எண்ணெய், இவ்வளவுதான். பட்டியலில் உளுந்துக்கு முன்னாடியோ பின்னாடியோ மைதா, அரிசி மாவு இருந்தால் மலிவுச் சரக்கு, நன்றாகப் பொரியாது. பாக்கெட்டுக்கு அடியில் மாவுத்தூள் கொட்டிக் கிடந்தால் ஒன்று வண்டு, இல்லைன்னா தேய்க்கும்போது போட்ட மாவைத் தட்டாமல் கட்டியது. அந்த மாவு பொரிக்கிற எண்ணெயில் கருகி, எண்ணெயை இரண்டாவது ஈட்டுக்கே கறுப்பாக்கிடும். அப்பளத்தைப் பாக்கெட்டோடு லேசாக வளைத்துப் பாருங்க. துளி வளைஞ்சு நிற்கணும். ரப்பர் மாதிரி மடிந்தால் ஈரம், பூசணம் பிடிக்கும். தொட்டதும் நொறுங்கினால் காய்ந்து பழசாகிடுச்சு. பிரித்ததும் சிக்கு வாடை வந்தால் தடவின எண்ணெய் கெட்டுப் போச்சு, சுட்டாலும் பொரித்தாலும் அந்த வாடை போகாது.

குமரேசன்_தரக்கட்டுப்பாடு

சுட்டாலும் பொரித்தாலும் சோடியம் ஒன்றே. எண்ணெய்தான் குறையும்.

அப்பளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே சோடியத்தை இரண்டரையால் பெருக்கி வருவது முழுக்க உப்பு இல்லை. ஒரு பகுதி அப்பளக்காரத்திலிருந்து வருகிறது. அதனால்தான் நாக்குக்கு உப்புக் குறைவாகத் தெரிந்தும் லேபிளில் சோடியம் கூடுதலாக இருக்கும். நாக்கை நம்பி அப்பளத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. லேபிளில் சோடியம் போடாத சின்ன கம்பெனி பாக்கெட்டாக இருந்தால், பொரித்தபின் மஞ்சள் பழுப்பாகி, மென்றதும் சவர்க்கார வாடை தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் அப்பளக்காரம் கூடிப்போன அப்பளம்.

செல்வி_தாம்பரம்

இன்று கடையில் மூன்று மாவு பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில் உப்பு இல்லை. ஆனால் அது பிரிட்ஜின் மேல் தட்டில், தொட்டால் குளிர்ச்சியே இல்லை. பாக்கெட் உப்பவில்லை, அதனால் நல்லதாக இருக்கும் என்று எடுத்தேன். எடுக்கலாமா?

மதுரை_மளிகை

உப்பாததை வைத்து முடிவு செய்யாதீங்கம்மா. சில பாக்கெட்டில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும், அது எவ்வளவு புளிச்சாலும் உப்பாது. துளை ஓரத்தில் மாவு வழிஞ்சு காய்ந்து ஒட்டியிருக்கா பாருங்க. இருந்தால் வழியில் எங்கேயோ சூடுபட்டு பொங்கியிருக்கு. சில கடைகளில் ராத்திரி பிரிட்ஜை அணைச்சுடறாங்க, அந்தக் கடையில் மாவே வாங்காதீங்க. காலையில் வண்டி வந்து இறக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அப்போது கீழ்த்தட்டிலிருந்து எடுங்க.

செல்வி_தாம்பரம்

துளை ஓரம் காய்ந்த மாவு இருக்கிறது அண்ணா. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நாளைக் காலை ஆறரைக்கு வண்டி வரும் என்றார்கள், அரைக்கிலோ உப்பில்லாத மாவு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வசந்தா_திருச்சி

வாங்கினதும் பாத்திரத்தில் மாற்றும்போது பாதிக்கு மேல் நிரப்பாதேம்மா, பொங்கி வழியும்.